நெஞ்சு இறுகி உடல் நடுங்கும்போது: பீதித் தாக்குதலா, மாரடைப்பா?

நெஞ்சு இறுகுகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, கை கால் நடுங்குகிறது, செத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. இது மாரடைப்பா, பயத்தால் வருவதா என்று வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் முறையாக வந்திருக்கிறது என்றால், தெரிந்துகொள்ள முடியாது. அவசர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் இரவுப் பணி பார்த்த எனக்கும் நோயாளியின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடிந்ததில்லை. இ.சி.ஜி. தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் வாய் திறப்பேன். எனவே 108ஐ அழையுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் 1990ஐ அழையுங்கள். கீழே நான் எழுதும் வேறுபாடுகள் எதையும், ஆம்புலன்ஸை அழைக்காமல் இருப்பதற்கான காரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு எதற்கு இவ்வளவு எழுத வேண்டும் என்று கேட்கலாம். பரிசோதனை முடிந்து, "இதயம் நன்றாக இருக்கிறது, இது பீதித் தாக்குதல்" என்று மருத்துவர் சொன்ன பிறகும் அடுத்த தாக்குதல் வரும். 'பேனிக் அட்டாக்' என்று பலரும் சொல்வது இதைத்தான். அப்போது தன் உடலில் என்ன நடக்கிறது என்று அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் அந்த அரை மணி நேரம் ஒன்றாக இருக்காது.

பயத்தால் வருவது என்றால் நெஞ்சு ஏன் உண்மையாகவே வலிக்கிறது? விரல்கள் ஏன் மரத்துப்போகின்றன? இதெல்லாம் என் கற்பனையா?

கற்பனை இல்லை. ஒவ்வொன்றும் உடலில் நடப்பது, அளந்து பார்க்கக்கூடியது.

மூளை ஆபத்து என்று முடிவு செய்த நொடியில் அட்ரினலின் இரத்தத்தில் பாய்கிறது. பாம்பைக் கண்டால் ஓடுவதற்காக உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. இதயம் நிமிடத்துக்கு 100, 120, 130 என்று துடிக்கிறது. தசைகள் முறுக்கேறி நடுங்குகின்றன. உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு வேகமெடுக்கிறது. பாம்பு உண்மையாக இருந்திருந்தால் நாம் ஓடியிருப்போம், அந்த வேகமான மூச்சுக்கு வேலை இருந்திருக்கும். பீதித் தாக்குதலில் நாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஓடுகிறவரின் மூச்சை விடுகிறோம்.

விளைவுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. உடல் உண்டாக்குவதைவிட அதிகமான கரியமில வாயு வெளியே போய்விடுகிறது. இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அப்போது இரத்தத்தில் கட்டற்று உலவும் கால்சியத்தின் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நரம்புகள் தேவைக்கு மேல் கூர்மையாகின்றன. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்வதுபோல் இருப்பது இதனால்தான். இன்னும் நீடித்தால் கட்டைவிரல் உள்ளே மடங்கி மற்ற விரல்கள் குவிந்து விறைத்துக்கொள்ளும். பக்கவாதமோ என்று குடும்பமே அலறுவது பெரும்பாலும் இதைக் கண்டுதான். கரியமில வாயு குறைந்ததால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் சற்றுச் சுருங்குகின்றன. தலை சுற்றுவதும், சுற்றியிருப்பவை கனவில் பார்ப்பதுபோல் விலகித் தெரிவதும் அதன் விளைவு.

நெஞ்சு இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள். மார்பின் மேல் பகுதியை மட்டும் பயன்படுத்தி நிமிடத்துக்கு முப்பது முறை மூச்சு வாங்கினால் அவை களைத்து வலிக்கின்றன. இன்னொன்றும் நடக்கிறது: முந்தைய மூச்சை முழுக்க வெளியே விடுவதற்குள் அடுத்ததை இழுப்பதால் நுரையீரல் பாதி நிரம்பியபடியே இருக்கிறது. காற்று உள்ளே போகவில்லை என்று தோன்றுகிறது. உண்மையில் இருக்கும் காற்று வெளியே போகவில்லை. இந்த ஒரு விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் அடையாளம் என்று ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

வலி நேரத்தோடு எப்படி நகர்கிறது என்பதை. இடம், தன்மை, கடுமை எல்லாம் ஏமாற்றும். நேரம் அவ்வளவாக ஏமாற்றுவதில்லை.

பீதித் தாக்குதல் திடீரெனக் கிளம்பிச் சில நிமிடங்களில், பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள், உச்சத்தைத் தொடுகிறது. பிறகு தானாகவே இறங்குகிறது. இருபது முப்பது நிமிடங்களில் பெரும்பகுதி அடங்கி, களைப்பும் லேசான நெஞ்சு வலியும் மிஞ்சும். மாரடைப்பில் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி விழுந்து அடைத்திருக்கிறது. அந்த அடைப்பு நாம் அமைதியானதற்காக விலகாது. வலி இருபது நிமிடத்தைத் தாண்டியும் நிற்கும் அல்லது கூடும். விட்டு விட்டும் வரலாம். ஆனால் வந்தால் மீண்டும் அதே கனத்தோடு வரும். நெஞ்சின் நடுவில் அம்மிக்கல்லை வைத்ததுபோல் என்று கிராமத்து முதியவர் ஒருவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அந்தக் கனம் இடது கைக்கோ, இரு கைகளுக்குமோ, தாடைக்கோ, முதுகுக்கோ பரவலாம்.

இன்னொரு கேள்வியும் நான் தவறாமல் கேட்பேன்: நடந்தால் என்ன ஆகிறது? மாடிப்படி ஏறும்போது கூடி, நின்றால் குறையும் வலி இதயத்தைச் சுட்டுகிறது. பீதித் தாக்குதலுக்கு உழைப்போடு அப்படிப்பட்ட உறவு கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தூக்கத்திலும்கூட வரும். ஆனால் முழு மாரடைப்பும் ஓய்விலும் தூக்கத்திலும் வருவது உண்டு. ஆகவே ஓய்வில் வந்தது என்பதை வைத்து இதயத்தை விலக்கிவிட முடியாது.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்ல முடியுமா?

அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். 31 வயது இளைஞர், சென்னையிலிருந்து திருச்சிக்கு இரவு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். மூன்று மாதங்களுக்கு முன் அவருடைய அப்பா மாரடைப்பில் இறந்திருந்தார். இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை, அன்று மாலை மட்டும் மூன்று காபி. சுங்கச்சாவடி அருகே நெரிசலில் பஸ் நின்றது. ஒன்பதே முக்காலுக்கு நெஞ்சு திடீரென அடித்துக்கொள்ளத் தொடங்கியது. 'அப்பாவுக்கும் இப்படித்தானே வந்திருக்கும்' என்ற நினைப்பு வந்ததும் மூச்சு முட்டியது, உதடு மரத்தது, விரல்கள் மடங்கிக்கொண்டன. பத்து மணிக்கு முன்பே உச்சம். பக்கத்து இருக்கைக்காரர் 108ஐ அழைத்தார்.

பத்தேகாலுக்கு எங்களிடம் வந்தபோது நாடித்துடிப்பு 124, இரத்த அழுத்தம் 150/90, மூச்சு நிமிடத்துக்கு 32. விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு 99. மூச்சே போகவில்லை என்று தவித்த ஒருவரிடம் ஆக்சிஜன் நிறைந்திருந்ததைக் கவனியுங்கள். இ.சி.ஜி.யில் துடிப்பு வேகமாக இருந்ததே தவிர அடைப்புக்கான மாற்றம் எதுவும் இல்லை. சர்க்கரை 112. பத்தரைக்கு விரல்கள் தாமாக நிமிர்ந்தன. பதினொன்றுக்கு நாடி 88.

இத்தோடு அனுப்பிவிடவில்லை. இ.சி.ஜி.யைத் திரும்ப எடுத்தோம். நள்ளிரவைத் தாண்டி இரண்டாம் முறை இரத்தம் எடுத்து, இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் பார்த்தோம். இரண்டு முறையும் சரியாக இருந்தது. மறுநாள் தைராய்டும் இரத்தசோகையும் பார்க்கச் சொன்னோம். அதன் பிறகுதான் 'பீதித் தாக்குதல்' என்ற சொல்லை அவரிடம் சொன்னேன். சொன்னதும் அழுதார். அப்பா இறந்த பிறகு அழவே இல்லை என்றார்.

மாரடைப்பு வந்தவருக்கும் பயமும் நடுக்கமும் வேகமான மூச்சும் இருக்குமா?

இருக்கும். ஏதோ பெரிய கேடு வரப்போகிறது என்ற உணர்வை மாரடைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகவே மருத்துவம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்ததும் அப்படி வந்த ஒருவர்தான்.

54 வயது அம்மா. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய். முந்தின இரவு மகள் கல்யாணப் பேச்சில் வீட்டில் சண்டை. விடியற்காலை ஐந்தரைக்கு மேல்வயிறு எரிந்தது, வாந்தி வருவதுபோல் இருந்தது, கை நடுங்கியது, மூச்சு வாங்கியது. "என்னமோ பயமாக இருக்கிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அருகிலிருந்த ஒரு கிளினிக்கில் சண்டைக் கதையைக் கேட்டுவிட்டு, படபடப்பும் வாயுவும்தான் என்று ஓர் ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். இ.சி.ஜி. எடுக்கவில்லை. வீட்டில் படுத்தார், குறையவில்லை. ஒன்பது மணிக்கு எங்களிடம் கொண்டுவந்தபோது நைட்டி முழுதும் நனையும்படி குளிர்ந்த வியர்வை. நாடி 52, இரத்த அழுத்தம் 90/60. இதயத்தின் கீழ்ச்சுவரில் மாரடைப்பு என்று இ.சி.ஜி. தெளிவாகக் காட்டியது. கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டோம். பிழைத்தார். ஆனால் மூன்றரை மணி நேரம் இரத்தமில்லாமல் இருந்த தசை முழுதாக மீளவில்லை. இன்றும் ஒரு மாடி ஏறினால் நின்றுதான் ஏறுகிறார்.

அவரிடம் இருந்த குறிகளைப் பாருங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேலாகியும் இறங்காத துன்பம். பயந்தவருக்கு நாடி வேகமாக இருக்க வேண்டும், இவருக்கோ மெதுவாக இருந்தது. இரத்த அழுத்தம் குறைந்திருந்தது. பத்தாண்டுச் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதித்திருந்தால் நெஞ்சுவலி என்பதே இல்லாமல், மூச்சிரைப்பாகவோ வயிற்று எரிச்சலாகவோ வெறும் அசதியாகவோ மாரடைப்பு வரும். பெண்களிடமும் முதியவர்களிடமும் இப்படி மாறுவேடத்தில் வருவது அதிகம். இரவு நடந்த சண்டை உண்மைதான். ஆனால் சண்டை நடந்த வீட்டிலும் மாரடைப்பு வரும். மனக்கலக்கத்துக்கு ஒரு கதை கிடைத்துவிட்டதென்று பரிசோதனையை நிறுத்துவதைப் போன்ற தவறு வேறில்லை. அந்தத் தவறு பெண்களிடம்தான் அதிகம் நடக்கிறது என்பது என் அனுபவம். அதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து 'நார்மல்' என்று அனுப்பிவிட்டார்கள். நம்பலாமா?

ஒரே ஓர் இ.சி.ஜி. என்றால் முழுதாக நம்ப வேண்டாம். அது அந்தப் பத்து நொடியில் இதயம் எப்படி இருந்தது என்பதற்கான படம். மாரடைப்பின் தொடக்கத்தில் அது சரியாகவே இருக்கலாம். வலி நீடித்தால் கால் மணி, அரை மணி இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும்.

அதோடு டிரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை வேண்டும். இதயத் தசை சேதமானால் அதிலிருந்து இரத்தத்தில் கசியும் புரதம் அது. கசிந்து அளவு ஏறுவதற்கு நேரமாகும். வலி தொடங்கிய அரை மணியில் எடுத்து 'இல்லை' என்று வந்தால் அதற்குப் பொருள் கிடையாது. நுண்ணிய அளவையும் காட்டும் புதிய முறையில் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். பழைய முறை என்றால் வலி தொடங்கி ஆறு மணி நேரம் ஆகவேண்டும். மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "வலி தொடங்கி எவ்வளவு நேரத்துக்குப் பிறகு எடுத்த டிரோபோனின் இது? இன்னொரு முறை பார்க்க வேண்டுமா?" எந்த நல்ல மருத்துவரும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார்.

இரண்டும் திரும்பத் திரும்பச் சரியாக வந்து, வயதும் பழக்கங்களும் ஆபத்தைக் காட்டாதபோது நம்புங்கள். முழு மனதோடு நம்புங்கள். பத்து மருத்துவமனைகளில் பத்து இ.சி.ஜி. எடுத்துக் கோப்பு சேர்த்து வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தாளும் அவர்களுக்கு ஒரு வார நிம்மதிதான் தந்திருக்கிறது.

எனக்கு வயது 27தான். மாரடைப்பை விட்டுவிடலாம் அல்லவா?

வாய்ப்பு குறைவு, இல்லாமல் இல்லை. நம் நாட்டில் மாரடைப்பு மேலைநாடுகளைவிட இளம் வயதிலேயே வருகிறது. புகைபிடிப்பவர், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ உள்ளவர், அப்பாவோ அண்ணனோ இளம் வயதில் இதய நோயால் பாதிக்கப்பட்டவர் என்றால் 27 என்ற எண் உங்களைக் காப்பாற்றாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்யலாம்? ஆஸ்பிரின் கொடுக்கலாமா? நாக்கடியில் வைக்கும் மாத்திரை?

முதலில் உட்காருங்கள். சுவரில் சாய்ந்து, கால்களை மடித்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி. நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். வழியில் இதயத்துடிப்பு நின்றுபோனால் மீட்கும் கருவி ஆம்புலன்ஸில்தான் இருக்கிறது.

மாரடைப்பாக இருக்கலாம் என்று தோன்றினால் ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் அளவுக்கு, அதாவது 325 மாத்திரை ஒன்றோ 150 மாத்திரை இரண்டோ, கடித்து மென்று விழுங்கலாம். மென்றால்தான் வேகமாக வேலை செய்யும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர், வயிற்றுப்புண்ணில் இரத்தக் கசிவு உள்ளவர், மலம் கருப்பாகப் போகிறவர், அண்மையில் மூளையில் இரத்தக் கசிவு வந்தவர் எடுக்கக் கூடாது. நெஞ்சிலிருந்து முதுகுவரை கிழிப்பதுபோன்ற வலி என்றாலும் கூடாது. அது பெருந்தமனி கிழிவாக இருக்கலாம். 108இல் பேசுபவரிடம் கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள் கிடைக்கின்றன. நகரம் தொலைவில் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாக்கடியில் வைக்கும் மாத்திரையைப் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தைச் சட்டென இறக்கும். மேலே சொன்ன அம்மாவுக்கு இருந்த 90/60இல் அதைக் கொடுத்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையை அண்மையில் எடுத்தவருக்கும் அது ஆபத்து. அந்த மாத்திரையால் வலி குறைந்தது, அல்லது ஜெலுசிலால் குறைந்தது என்பதை வைத்து நோயை முடிவு செய்யவும் முடியாது.

காகிதப் பையில் மூச்சு விட்டால் சரியாகும் என்கிறார்களே?

வேண்டாம். வெளியே விட்ட கரியமில வாயுவைத் திரும்ப இழுக்கவைக்கும் பழைய வைத்தியம் அது. வந்திருப்பது மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால், ஏற்கெனவே குறைந்திருக்கும் ஆக்சிஜனைப் பை இன்னும் குறைத்துவிடும். அப்படி உயிரிழந்தவர்கள் உண்டு.

பரிசோதனை எல்லாம் முடிந்து பீதித் தாக்குதல் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த முறை வரும்போது என்ன செய்வது?

எல்லோரும் சொல்வார்கள், "ஆழமாக மூச்சை இழு" என்று. அதைச் செய்யாதீர்கள். ஏற்கெனவே நிரம்பியிருக்கும் நுரையீரலில் இன்னும் இழுக்கப் பார்த்தால் இறுக்கம் கூடும், கரியமில வாயு இன்னும் குறையும், விரல் இன்னும் மரக்கும். நீங்கள் செய்ய வேண்டியது வெளியே விடுவது. சூடான தேநீரை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து, மெதுவாக, ஆறு எண்ணும்வரை விடுங்கள். பிறகு மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை, கொஞ்சமாக, வயிறு எழும்பும்படி இழுங்கள். ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டால் எது அசைகிறதென்று தெரியும். நெஞ்சுக் கை அசையாமல் வயிற்றுக் கை அசையவேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களில் உதட்டு மரப்பு குறையத் தொடங்கினால் சரியாகச் செய்கிறீர்கள்.

கடிகாரத்தைப் பாருங்கள். தொடங்கிய நேரத்தை எழுதி வையுங்கள். பத்து நிமிடத்தில் உச்சம் வரும், பிறகு இறங்கும் என்று முன்னமே அறிந்திருந்தால் அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க முடிகிறது. அந்தப் பஸ் இளைஞர் தன் கைப்பேசியில் ஏழு தாக்குதல்களின் நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். மிக நீண்டது 26 நிமிடம். எட்டாவது வந்தபோது, 26ஐத் தாண்டாது என்று காத்திருந்ததாகச் சொன்னார்.

முடிந்தால் இருந்த இடத்திலேயே இருங்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினால் உடனே நிம்மதி வரும். ஆனால் 'இறங்கியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை எழுதிக்கொள்ளும். அடுத்த மாதம் பஸ்ஸிலேயே ஏற முடியாது. பிறகு சந்தை, கோவில் கூட்டம், லிஃப்ட் என்று போகாத இடங்களின் பட்டியல் நீளும். வீட்டை விட்டு வெளியே வராமல் நான்கு ஆண்டுகள் இருந்த ஓர் ஆசிரியையை எனக்குத் தெரியும். அவரை அடைத்து வைத்தது தாக்குதலைவிட, அது வந்துவிடுமோ என்ற பயம்தான்.

அப்படியானால் இனி நெஞ்சுவலி வந்தால் மருத்துவமனைக்குப் போகவே வேண்டாமா?

அப்படி இல்லை. பீதித் தாக்குதல் உள்ளவருக்கும் ஐம்பது வயதில் மாரடைப்பு வரலாம். வழக்கமான தாக்குதலின் உருவம் உங்களுக்கு இப்போது தெரியும். அதிலிருந்து மாறினால் போங்கள். இருபது நிமிடம் கடந்தும் இறங்கவில்லை, நடந்தபோது வந்தது, கைக்கோ தாடைக்கோ பரவியது, குளிர்ந்த வியர்வையில் நனைந்தீர்கள், மயங்கி விழுந்தீர்கள், அல்லது 'இது எப்போதும் வருவதுபோல் இல்லை' என்று உங்களுக்கே தோன்றுகிறது. கடைசியாகச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். பலமுறை தாக்குதலைக் கண்டவர்கள் அந்த வேறுபாட்டைச் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள்.

இதயமும் இல்லை, பயமும் இல்லை, வேறு ஏதாவது இப்படிக் காட்டுமா?

காட்டும். தைராய்டு மிகையாகச் சுரந்தால் படபடப்பு, நடுக்கம், வியர்வை எல்லாம் வரும். கூடவே எடை குறையும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இதே நடுக்கம், இதே பயம். அவருக்கு முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். நீண்ட பயணம், அறுவைச் சிகிச்சை, பிரசவம் இவற்றுக்குப் பிறகு திடீர் மூச்சுத்திணறல் வந்தால் நுரையீரலில் இரத்தக்கட்டி போயிருக்கலாம். அதை மூச்சுப் பயிற்சியால் கடக்கப் பார்க்கக் கூடாது.

இன்னொன்று இதயத்தின் மின்னோட்டக் கோளாறு. சுவிட்சைப் போட்டதுபோல் ஒரு நொடியில் துடிப்பு 180, 200 என்று பாய்ந்து, அதேபோல் ஒரு நொடியில் நின்றுவிடும். பீதியில் துடிப்பு ஏறி இறங்கும், இதில் குதிக்கும். 'டென்ஷன்' என்று ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட இளம்பெண்களிடம் இதைக் கண்டுபிடித்திருக்கிறோம். துடிக்கும்போதே ஓர் இ.சி.ஜி. கிடைத்தால் போதும், விடை தெரிந்துவிடும்.

அடிக்கடி பீதித் தாக்குதல் வந்தால் இதயம் கெட்டுப்போகுமா?

நல்ல இதயத்தை ஒரு பீதித் தாக்குதல் நிறுத்திவிடாது. வேகமாக மாடி ஏறும்போது துடிப்பது போன்றதுதான் அது. ஏற்கெனவே குழாயில் அடைப்பு உள்ளவரின் நிலை வேறு. அவர் தன் இதய மருத்துவரிடம் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரதிர்ச்சியில், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இதயத்தின் நுனி தற்காலிகமாகச் செயலிழக்கும் அரிய நிலையும் உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்து, அங்கே ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் உருவம் என்பதால் டகோட்சுபோ என்று பெயரிட்டார்கள். அதுவும் மாரடைப்பைப் போலவே வருவதால் மருத்துவமனையில்தான் பிரித்தறிய முடியும்.

'ஒன்றுமில்லை' என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் திரும்பத் திரும்ப வருகிறதே?

'ஒன்றுமில்லை' என்ற சொல்லை எங்கள் தொழிலிலிருந்தே எடுத்துவிட வேண்டும். இதயத்தில் ஒன்றுமில்லை என்பதுதான் அதன் பொருள். வந்த நோய்க்குப் பெயரும் உண்டு, சிகிச்சையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதே நெஞ்சுவலியும் படபடப்பும் வந்த வீரர்களைப் பற்றி டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இலேயே எழுதியிருக்கிறார். அவர்களைக் கோழைகள் என்று அவர் ஒதுக்கவில்லை, நோயாளிகளாகவே பார்த்தார்.

மனநல மருத்துவரைப் பாருங்கள். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளைக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். முதல் வாரத்தில் படபடப்பு சற்றுக் கூடலாம். அதற்குப் பயந்து பாதியில் நிறுத்துபவர்கள் பலர். பலன் தெரிய சில வாரங்களாகும். தாக்குதல்கள் நின்ற பிறகும் பல மாதங்கள் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும் வேகத்தில் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் போன்றவை அரை மணியில் அமைதி தரும். அதனாலேயே பழக்கமாகிவிடும், சில வாரங்களில் அது இல்லாமல் இருக்க முடியாமல் போகும். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள்.

மாத்திரைக்கு இணையாகப் பலன் தருவது உளவியல் சிகிச்சை. அதில் ஒரு பகுதி பலருக்கு வியப்பாக இருக்கும்: சிகிச்சையாளர் முன்னிலையில் வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சு வாங்கச் சொல்வார்கள், நின்ற இடத்தில் ஓடச் சொல்வார்கள், மெல்லிய உறிஞ்சுகுழல் வழியாக மூச்சு விடச் சொல்வார்கள். அதே படபடப்பு, அதே தலைசுற்றல் வரும், தானே போகும். நெஞ்சு அடித்துக்கொண்டாலே மரணம் என்று கற்றுக்கொண்ட மூளை, பலமுறை இதைப் பார்த்து அந்தப் பாடத்தை மாற்றிக்கொள்கிறது. இதய நோயோ ஆஸ்துமாவோ வலிப்போ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் இந்திய அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

என் மனைவிக்கு வருகிறது. பக்கத்தில் இருக்கும் நான் என்ன சொல்ல வேண்டும்?

"பயப்படாதே", "எல்லாம் உன் நினைப்புதான்" இரண்டையும் தவிருங்கள். உடலில் நடப்பதை இல்லையென்றால் அவர் தனியாகிப்போவார், மூச்சு இன்னும் வேகமெடுக்கும். முகத்துக்கு எதிரே கூட்டம் சேர விடாதீர்கள். அருகில் உட்கார்ந்து, "போன முறையும் இப்படித்தான் வந்தது, இருபது நிமிடத்தில் போனது, நான் நேரம் பார்க்கிறேன்" என்று சொல்லுங்கள். அவரோடு சேர்ந்து நீங்களும் ஆறு எண்ணி மூச்சை விடுங்கள். எண்ணுவதை அவருக்குக் கேட்கும்படி, மெதுவான குரலில் எண்ணுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 120, 112, 96 என்று இறங்குவதை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். இருபது நிமிடம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு 108ஐ அழையுங்கள். வரும் மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதில் எழுதியிருக்கும்.